வீட்டில் தையற்கூடம்: வீட்டுக் காப்பீடு எதுவரை கைகொடுக்கும்?

வயல் வேலை குறைந்த மாதங்களில் உழவர் குடும்பத்துப் பெண்கள் வீட்டு முன்கூடத்தில் தையல் எந்திரம் போட்டுத் துணி தைத்துக் கொடுப்பதும், மாலையில் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி சொல்லித் தருவதும், சமைத்துச் சாப்பாடு அனுப்புவதும் இன்று பல ஊர்களில் காணக்கூடியவை. இவர்களுள் பலருடைய வீட்டிற்கு, வீட்டுக்கடன் வாங்கியபோதே காப்பீடு எடுக்கப்பட்டிருக்கும். 'வீடு காப்பீட்டில் இருக்கிறது. எனவே வீட்டிற்குள் இருக்கும் தொழிலும் காப்பீட்டில் இருக்கிறது' என்று இவர்கள் நினைப்பது இயல்பு. இந்த எண்ணம் தவறானது. ஏன் தவறு என்பதையும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையும் தையற்கூடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு காண்போம்.

வீட்டுக் காப்பீடு எதைக் காக்கிறது?

1-4-2021 முதல் நம் நாட்டில் வீடுகளுக்கென 'பாரத் கிருக ரக்ஷா' என்னும் ஒரே மாதிரியான பாலிசி நடைமுறையில் உள்ளது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் முதலியவற்றால் கட்டடத்திற்கும் வீட்டுப் பொருள்களுக்கும் நேரும் சேதத்தை இது ஈடு செய்கிறது. கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அதன் காப்புத் தொகையில் 20 விழுக்காடு, 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், வீட்டுப் பொருள்களுக்கும் தானாகவே சேரும். வங்கி மூலம் எடுத்த வேறு சில பாலிசிகளில் கட்டடம் மட்டுமே இருக்கும். ஆகவே தங்கள் பத்திரத்தை எடுத்து இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கு கவனிக்க வேண்டிய சொல் 'வீட்டுப் பொருள்' என்பதாகும். குடும்பத்தின் பயன்பாட்டிற்கான கட்டில், பீரோ, தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி போன்றவையே வீட்டுப் பொருள்கள். கூலிக்குத் தைக்கும் எந்திரமும், விற்பதற்கு வைத்த துணியும் தொழில் பொருள்கள். அவை ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், ஒரே அறையில் இருந்தாலும், காப்பீட்டுக் கணக்கில் வேறு வேறு.

இது நமக்குப் புதிதல்ல. வேளாண்மைக்கென்று காப்பீடு செய்த டிராக்டரின் இழுவைப் பெட்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிப்பதை அறிவோம். வண்டி அதே வண்டிதான். பயன் மாறியதே காரணம். வீட்டிற்கும் இதே விதி பொருந்தும்.

ஒரு கணக்கு

ஒரு குடும்பத்தின் வீட்டுக் கட்டடம் 8,00,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்யப்பட்டுள்ளது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வீட்டுப் பொருள்களுக்கு 1,60,000 ரூபாய் வரை காப்பு உண்டு. முன்கூடத்தில் மோட்டார் பொருத்திய இரண்டு தையல் எந்திரங்களும், ஓர் ஓவர்லாக் எந்திரமும், வெட்டு மேசையும் உள்ளன. தீபாவளிக்கு முந்திய வாரம், அணைக்காமல் விட்ட இஸ்திரிப் பெட்டியிலிருந்து துணியில் தீப்பிடித்து முன்கூடம் எரிந்துவிடுகிறது. இழப்பு வருமாறு:

- சுவர், கூரை, மின்கம்பி அமைப்பு: ரூ. 1,20,000
- தொலைக்காட்சி, பீரோ முதலிய வீட்டுப் பொருள்கள்: ரூ. 60,000
- எந்திரங்கள், வெட்டு மேசை: ரூ. 90,000
- சொந்தமாக வாங்கி வைத்த துணி, லைனிங், நூல்: ரூ. 40,000
- வாடிக்கையாளர் தைக்கக் கொடுத்த துணி: ரூ. 70,000
- அந்த மாதம் வராமற்போன தையற்கூலி: ரூ. 25,000

மொத்த இழப்பு 4,05,000 ரூபாய். வீட்டுப் பாலிசியில் கேட்கக்கூடியவை முதல் இரண்டு இனங்கள் மட்டுமே. அதாவது 1,80,000 ரூபாய். எஞ்சிய 2,25,000 ரூபாய் குடும்பத்தின் தலையில் விழும்.

'வீட்டுப் பொருளுக்கு 1,60,000 வரை காப்பு இருக்கிறது. 60,000 போக இன்னும் ஓர் இலட்சம் மீதமுள்ளது. எந்திரங்களின் 90,000 அதற்குள் அடங்குமே' என்று கேட்கலாம். அடங்காது. இங்கு தடையாக நிற்பது தொகை அன்று, பொருளின் இனம். காப்புத் தொகையை இருமடங்காக உயர்த்தினாலும் தொழில் எந்திரம் வீட்டுப் பொருளாகிவிடாது. வராமற்போன தையற்கூலி வருவாய் இழப்பு. அதை இப்பாலிசி எந்நிலையிலும் ஈடு செய்வதில்லை. வாடிக்கையாளரின் துணியோ தங்களுடைய பொருளே அன்று. ஆனால் துணிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தாங்கள்தான்.

கட்டடத்திற்குரிய தொகையும் ஏன் சிக்கலாகலாம்?

மேலே சொன்ன 1,80,000 ரூபாயும் தடையின்றி வந்துவிடும் என்று சொல்ல முடியாது. வீட்டின் பயன்பாடு மாறினால் நிறுவனத்திற்குத் தெரிவிப்பது பாலிசிதாரரின் கடமைகளுள் ஒன்று. குடியிருப்பு என்று எழுதிக் கொடுத்த வீட்டில், துணிக்குவியலும் இஸ்திரிப் பெட்டியும் மூன்று எந்திரங்களும் இருந்து, அவற்றிலிருந்தே தீ எழுந்திருந்தால், 'இந்த ஆபத்தைத் தாங்கள் எங்களுக்குச் சொல்லவில்லை' என்று நிறுவனம் வாதிட இடம் உண்டு.

'தொழில் நடந்ததாகச் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன?' என்று சிலர் எண்ணலாம். தீ விபத்திற்குப் பின் இழப்பை மதிப்பிட ஒரு சர்வேயர் வருவார். இவர் நிலம் அளப்பவர் அல்லர்; இழப்பைக் கணக்கிடுபவர். அளவுப் புத்தகம், சீட்டு கட்டிய துணி மூட்டைகள், வாசலில் உள்ள பெயர்ப்பலகை, உதவிக்கு வருபவரின் கூலிக் குறிப்பேடு ஆகிய இவற்றுள் ஒன்றே அவருக்குப் போதும். மறைத்தது தெரிந்தால் நியாயமாக வர வேண்டிய தொகையும் வழக்கில் மாட்டிக்கொள்ளும்.

குடும்பத்தாரின் கிழிசல் தைப்பதற்கென்று வைத்த ஒரு மிதியெந்திரம் வீட்டுப் பொருள்தான். அதைப் பற்றிக் கவலை வேண்டுவதில்லை. கூலி வாங்கித் தைக்கத் தொடங்கும் நாளிலிருந்துதான் இப்பிரச்சினை எழுகிறது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, வீட்டுப் பாலிசி கொடுத்த நிறுவனத்திற்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு, 'மேற்படி வீட்டில் நாங்கள் குடியிருந்து வருகிறோம். முன்கூடத்தில் இன்ன தேதி முதல் மூன்று எந்திரங்களுடன் தையல் தொழில் நடத்துகிறோம். இதைப் பதிவு செய்து, கட்டடத்திற்கும் வீட்டுப் பொருள்களுக்கும் காப்பு தொடர்கிறதா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்' என்று எழுதினால் போதும். நிறுவனம் ஒப்புக்கொண்டால் பாலிசியுடன் இணைக்கும் திருத்தச் சீட்டு ஒன்று தரும். அதை எண்டார்ஸ்மென்ட் என்பர். சிறிது பிரீமியம் கூடுதலாகக் கேட்கலாம். முகவர் வாய்மொழியாக 'பரவாயில்லை' என்று சொல்வது இதற்கு ஈடாகாது.

இரண்டாவதாக, தொழில் பொருள்களுக்குத் தனியே காப்பீடு எடுங்கள். ஓரிடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்னும் பாலிசி 2021 முதல் உள்ளது. வீட்டுத் தையற்கூடம் இதற்குள் அடங்கும். விண்ணப்பத்தில் எந்திரங்கள், சொந்தச் சரக்கு, வாடிக்கையாளர் துணி ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது இனத்தை, பிறர் நம்பி ஒப்படைத்த பொருள் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுதல் வேண்டும். குறிப்பிடாவிட்டால் அது விட்டுப்போகும்.

சரக்கின் மதிப்பைக் குறைத்து எழுதலாகாது. வீட்டுப் பாலிசியில் காப்புத் தொகை குறைவாக இருந்தாலும் அதற்காக இழப்பீட்டில் விகிதம் பிடிப்பதில்லை. தொழில் பாலிசியில் 15 விழுக்காடு வரையிலான குறைவை மட்டுமே பொறுத்துக்கொள்வர். அதற்கு மேல் போனால் விகிதம் பிடிப்பர். சான்றாக, தீபாவளி சமயத்தில் சொந்தத் துணியும் வாடிக்கையாளர் துணியும் சேர்ந்து 1,10,000 ரூபாய்க்கு இருக்கின்றன. ஆனால் சாதாரண மாதத்துச் சரக்கைக் கணக்கிட்டு 55,000 ரூபாய்க்கே காப்பீடு செய்துள்ளீர்கள். 60,000 ரூபாய்த் துணி எரிந்தால், பாதி மதிப்பிற்கே காப்பீடு செய்ததால் பாதியாகிய 30,000 ரூபாய்தான் கிடைக்கும். ஆகவே சரக்கு மிகுந்திருக்கும் பண்டிகை மாதத்தை அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, திருட்டைத் தனியே கேளுங்கள். மேற்சொன்ன இரு பாலிசிகளும் தீ, வெள்ளம் போன்ற விபத்தை அடுத்த 7 நாட்களுக்குள் அங்கு நடக்கும் திருட்டையே ஏற்கின்றன. சாதாரண நாளில் பூட்டை உடைத்து எந்திரத்தைக் கொண்டுபோனால் அதற்குத் தனிக் காப்பு வேண்டும்.

தனிப்பயிற்சியும் சமையலும்

பயிற்சி வகுப்பில் சரக்கு அதிகம் இராது. அங்குள்ள ஆபத்து பிள்ளைகளைப் பற்றியது. மாடிப்படியில் ஒரு மாணவன் விழுந்து கால் முறிந்தால், அதற்கு வீட்டுப் பாலிசியில் இடமில்லை. அதில் விரும்பிச் சேர்க்கும் விபத்துக் காப்பும் பாலிசிதாரருக்கும் அவருடைய கணவர் அல்லது மனைவிக்கும் மட்டுமே உரியது. வெளியார்க்கு நேரும் தீங்கிற்கு 'பொதுப் பொறுப்புக் காப்பீடு' என்று கேட்டு வாங்குதல் வேண்டும்.

சமையல் தொழிலில் உண்டவருக்குக் கேடு நேர்ந்தால் வரும் பொறுப்பிற்கும் இவ்வாறே தனிக் காப்பு வேண்டும். மேலும், 14.2 கிலோ வீட்டு எரிவாயு சிலிண்டரை விற்பனைச் சமையலுக்கு எரிப்பது 2000-ஆம் ஆண்டின் எரிவாயு வழங்கீட்டு ஆணைக்கு மாறானது. தீ விபத்திற்குப் பின் முதலில் எழும் கேள்வி அதுவாகவே இருக்கும். வணிகத்திற்குரிய 19 கிலோ சிலிண்டரையே பயன்படுத்துங்கள்.

இழப்பு நேர்ந்தபின்

உடனே நிறுவனத்திற்குத் தெரிவியுங்கள். தீயணைப்புத் துறைக்கும் காவல் நிலையத்திற்கும் சொல்லிச் சான்று பெறுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை எரிந்த எந்திரத்தை அப்புறப்படுத்தலாகாது. எந்திரம் வாங்கிய ரசீதுகளையும், வாடிக்கையாளர் துணியைப் பதிந்த ஏட்டின் ஒரு நகலையும் வேறு வீட்டில் வைத்திருந்தால் இந்நேரத்தில் உதவும். ஏடு முன்கூடத்திலேயே இருந்தால் துணியோடு சேர்ந்து எரிந்துவிடும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால், மறுப்பிற்கான காரணத்தையும் பாலிசியின் எந்த விதி என்பதையும் எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவிற்கு எழுதுதல் வேண்டும். அங்கு மறுத்துவிட்டாலோ, ஒரு மாதம்வரை பதில் வராவிட்டாலோ, ஓராண்டிற்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டுவதில்லை. ஆனால் தாங்கள் முன்பே எழுதிய கடிதத்தின் நகலும் திருத்தச் சீட்டும் கையில் இருந்தால்தான் அங்கு தங்கள் பக்கம் வலுப்பெறும். ஆகவே அக்கடிதத்தைத் தொழில் தொடங்கிய வாரத்திலேயே எழுதிவிடுதல் நன்று.