மூக்குக் கண்ணாடியின் காலில் ஒரு கணக்கு

உங்களிடமோ உங்கள் வீட்டில் யாரிடமாவதோ மூக்குக் கண்ணாடி இருந்தால், அதைக் கழற்றி, காதில் மாட்டும் காலின் உட்புறத்தைச் சற்றே உற்றுப் பாருங்கள். 52 □ 18 என்பதுபோல் இரண்டு எண்களும் நடுவே ஒரு சிறு சதுரமும் தென்படும். பக்கத்திலேயே 140 என்றோ 135 என்றோ மூன்றாவது எண் ஒன்றும் இருக்கலாம். பலரும் இவற்றைக் கடைக்காரரின் சரக்கு எண் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியன்று. மூன்றும் மில்லிமீட்டர் அளவுகள். முதல் எண் ஒரு வில்லையின் அகலம். சதுரத்திற்கு அடுத்த எண் இரு வில்லைகளுக்கும் இடையே மூக்கின்மேல் உள்ள இடைவெளி. மூன்றாவது எண் காலின் நீளம். பிரேம் வாங்கும்போது கண்ணாடி முன் நின்று முகத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்களைப் பார்த்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். எப்படி என்று ஒரு மெய்யான நிகழ்ச்சியைக் கொண்டே பார்ப்போம்.

என் வகுப்பில் முதலாண்டு மாணவி ஒருத்தி. கிட்டப்பார்வை, இரு கண்களுக்கும் −6 டயாப்டர். புதிதாக வாங்கிய கண்ணாடியோடு வந்தவள், பாடம் நடக்கும் ஒரு மணி நேரத்தில் இருபது முறையாவது அதை மேலே தள்ளிவிட்டுக் கொண்டிருந்தாள். மூக்கின் இருபுறமும் சிவந்த தழும்பு. ஓரத்தில் வில்லை பிரேமைத் தாண்டித் தடிமனாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. "உருண்டை முகத்திற்குப் பெரிய பிரேம்தான் எடுக்கும் என்றார்கள் சார். மெல்லிய லென்ஸ் வேண்டுமானால் இன்னும் நிறையப் பணம் ஆகுமாம்" என்றாள். வீட்டில் மறுபடி பணம் கேட்க அவளுக்குத் துணிவில்லை. பிரேமை வாங்கிப் பார்த்தேன்: 54 □ 18.

கிட்டப்பார்வைக்குக் குழிவில்லை தேவை என்பது நீங்கள் படித்ததே. குழிவில்லை நடுவில் மெல்லியது. ஓரம் செல்லச் செல்லத் தடிக்கும். எவ்வளவு தடிக்கும் என்பது மூன்றைப் பொறுத்தது: வில்லையின் திறன், அது செய்யப்பட்ட பொருளின் ஒளிவிலகல் எண், ஒளி மையத்திலிருந்து ஓரம் வரை உள்ள தொலைவு. சாதாரண பிளாஸ்டிக் வில்லையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. அதற்குக் கணக்கு மிக எளிது. ஓரத் தொலைவை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, டயாப்டரால் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால், நடுவைவிட ஓரம் எத்தனை மில்லிமீட்டர் கூடுதல் தடிமன் என்பது கிடைக்கும். (கோள வளைவைப் பற்றிய தோராயமான சூத்திரம் இது, உண்மையில் சற்றுக் கூடவே இருக்கும். நம் தேவைக்கு இது போதும்.)

வில்லையின் அகலம் 54 என்றால் ஓரத் தொலைவு அதில் பாதியாகிய 27 தானே என்று கேட்பீர்கள். இங்குதான் சூட்சுமம். ஒளி மையம் வில்லையின் நடுவில் இருக்க வேண்டியதில்லை. உங்கள் கண்பாவைக்கு நேராக இருக்க வேண்டும். அந்த மாணவியின் கண்பாவைகளுக்கு இடையே 60 மி.மீ. பிரேமிலோ ஒரு வில்லையின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு 54 + 18 = 72 மி.மீ. ஆகவே ஒவ்வொரு வில்லையிலும் ஒளி மையத்தை 6 மி.மீ. மூக்குப் பக்கமாக நகர்த்தியாக வேண்டும். அப்போது காதுப் பக்க ஓரம் 27 + 6 = 33 மி.மீ. தொலைவுக்குப் போய்விடுகிறது. 33-இன் வர்க்கம் 1089. அதை 6 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் 6.5 மி.மீ. நடுத் தடிமன் 2 மி.மீ. என்று கொண்டால் ஓரம் எட்டரை மி.மீ.!

இப்போது 46 □ 18 என்ற பிரேமை எடுத்துக்கொள்வோம். நடுவுக்கு நடு 64. நகர்த்த வேண்டியது 2 மி.மீ. மட்டுமே. ஓரத் தொலைவு 23 + 2 = 25. கூடுதல் தடிமன் 3.75 மி.மீ. தான். கவனித்தீர்களா? அகலத்தை 8 மி.மீ. குறைத்தோம்; ஓரத் தொலைவு 4 அல்ல, முழு 8 மி.மீ. குறைந்தது. ஏனெனில் பாதி அகலமும் குறைகிறது, நகர்த்தலும் குறைகிறது. அது வர்க்கமாகும்போது தடிமன் வெகுவாக இறங்கிவிடுகிறது.

கடையில் சொன்ன விலை கூடிய மெல்லிய வில்லையைப் பார்ப்போம். அதன் ஒளிவிலகல் எண் 1.67 என்று வையுங்கள். முந்தைய விடையை 1.34 ஆல் வகுக்க வேண்டும். பெரிய பிரேமில் அது 4.9 மி.மீ. கூடுதல் தடிமன் தருகிறது. அதாவது, சிறிய பிரேமில் போட்ட சாதாரண வில்லை, பெரிய பிரேமில் போட்ட விலையுயர்ந்த வில்லையைவிட மெல்லியது! பணத்தால் வாங்க நினைத்ததை அளவுகோல் இலவசமாகவே தந்துவிடுகிறது. திறன் −2 டயாப்டருக்குள் இருப்பவர்கள் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை. எந்தப் பிரேமும் பொருந்தும். தூரப்பார்வைக்கான குவிவில்லையில் தடிமன் நடுவில் ஏறும் என்பதுதான் வேறுபாடு. அங்கும் பெரிய பிரேம் எடையைக் கூட்டவே செய்யும்.

முக வடிவம் என்னாயிற்று? உருண்டை முகத்திற்குக் கோணமுள்ள பிரேம், சதுர முகத்திற்கு வளைந்த பிரேம் என்று ஒரு வாய்பாடு உண்டு. அது அழகுணர்ச்சி பற்றியது. அதில் இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன வேலை? உங்கள் தோழர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனால் இரண்டு செய்திகளை மட்டும் சொல்வேன். கண்பாவை வில்லையின் நடுவுக்கு அருகில் அமைய வேண்டும். பிரேமின் மொத்த அகலம் முகத்தின் அகலத்தோடு ஒத்துப்போக வேண்டும். அகன்ற முகமும் நெருங்கிய கண்களும் உள்ளவர்கள், வில்லையைப் பெரிதாக்காமல், கால் பொருந்தும் மூலைகள் வெளியே சற்று நீண்டிருக்கும் பிரேமைத் தேடலாம். கூர்மையான கீழ்மூலை உள்ள சதுர வில்லையில் அந்த மூலைதான் மையத்திலிருந்து மிகத் தொலைவு. தடிமனும் அங்கேதான் மிகும். மூலை மழுங்கிய வடிவம் இரண்டு பக்கத்துக்கும் சமாதானம்.

இனி அந்தச் சிவந்த தழும்பு. கண்ணாடியின் எடை 30 கிராம் என்றால் அது ஏறத்தாழ 0.3 நியூட்டன் விசை. அதில் பெரும்பங்கை மூக்கின்மேல் அமரும் இரண்டு சிறு பட்டைகளே தாங்குகின்றன. கடையில் இவற்றை நோஸ் பேட் என்பார்கள். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது அல்லவா? பட்டை முழுவதும் தோலோடு படிந்தால் அழுத்தம் குறைவு. பட்டை சாய்ந்து, அதன் விளிம்பு மட்டும் தோலைத் தொட்டால், பரப்பு ஐந்தில் ஒன்றாகும். அழுத்தம் ஐந்து மடங்காகும். எது நடக்கிறது என்பதைத் தழும்பே சொல்லிவிடும். கண்ணாடியைக் கழற்றியதும் நீள்வட்டமான மெல்லிய தடம் தெரிந்தால் பட்டை சரியாகப் படிந்திருக்கிறது. பிறைபோல் ஆழ்ந்த கோடு தெரிந்தால் விளிம்பு குத்துகிறது என்று பொருள். பட்டையைத் தாங்கும் கம்பியைக் கடைக்காரர் சிறு குறட்டால் திருப்பினால் சரியாகிவிடும். நீங்களே திருப்பாதீர்கள், பற்றவைத்த இடத்தில் ஒடிந்துவிடும்.

வழுக்குவதற்கு மூக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கால் வளையும் இடம் காதின் உச்சிக்குச் சற்றே பின்னால் தொடங்க வேண்டும். அந்த வளைவு வெகுதூரம் தள்ளி இருந்தால் பிடிப்பே இல்லை. வியர்வை கொஞ்சம் சேர்ந்தால் கண்ணாடி இறங்கிவிடும். இறங்கினால் பார்வையும் குறைகிறது. குழிவில்லை கண்ணை விட்டு விலகும்போது அதன் பயன் குறைகிறது. −6 டயாப்டர் வில்லை 7 மி.மீ. முன்னே வந்தால் கால் டயாப்டர் அளவு திறன் குறைந்ததுபோல் ஆகிறது. கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று பவரைக் கூட்டச் சொல்லும் முன், கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பொருளைப் பற்றியும் பார்த்துவிடுவோம். செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் சூட்டில் இளகும். இதனால் கடையில் சூடாக்கி முகத்திற்கு ஏற்ப வளைத்துத் தர முடிகிறது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைத்தால் தானே வளைந்தும் போகிறது. ஆனால் இவ்வகைப் பிரேம்கள் பலவற்றில் மூக்குப் பட்டை தனியாக இராது. பிரேமோடு ஒன்றாக வார்த்ததாக இருக்கும். மூக்கின் மேல்பகுதி தாழ்ந்தவர்களுக்கு அது நிற்காது. விலை குறைந்த உலோகப் பிரேம்களில் பெரும்பாலும் செம்பும் நிக்கலும் கலந்த கலவைதான். மேற்பூச்சு தேய்ந்தபின் வியர்வை பட்டுப் பச்சைக் களிம்பு ஏறுவது அந்தச் செம்பினால். காதோரமோ மூக்கோரமோ அரிப்பும் தடிப்பும் வந்தால், அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். தோல் மருத்துவரைக் கேளுங்கள். டைட்டானியத்திற்கு இந்த இரு தொல்லையும் இல்லை, அடர்த்தியும் 4.5 தான். எஃகுக்கு அது 8-ஐ நெருங்கும். விலைதான் இடிக்கும்.

அந்த மாணவி மூலை மழுங்கிய 46 □ 18 எஃகுப் பிரேம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பட்டைகள் திருப்பத் தக்கவை. புது வில்லை செய்யவில்லை. பெரிய பிரேமில் இருந்த அதே வில்லைகளை எடுத்து, ஓரத்தைத் தேய்த்துச் சிறிதாக்கிப் பொருத்தச் சொன்னோம். தடித்த ஓரம்தானே தேய்ந்து போகிறது! புதுப் பிரேம் ஒவ்வொரு பக்கமும் பழையதற்குள் அடங்கினால்தான் இது முடியும். ஒளி மையத்தைக் குறித்துக்கொண்டு தேய்க்கவும் வேண்டும்.

திரும்பி வந்ததும் வகுப்பிலேயே சோதித்தோம். நீங்களும் செய்யலாம். முதலில் கண்பாவைகளின் இடைவெளி. தோழனைக் கை நீளத் தொலைவில் எதிரே நிறுத்தி, உங்கள் புருவத்தின்மேல் அளவுகோலை வையுங்கள். அவன் வலக் கண்ணை மூடி, இடக் கண்ணால் உங்கள் வலக் கண்ணைப் பார்த்து, பூச்சியத்தை அதன் கண்பாவைக்கு நேராக வைக்கட்டும். பிறகு அளவுகோலை அசைக்காமல், இடக் கண்ணை மூடி, வலக் கண்ணால் உங்கள் இடக் கண்பாவைக்கு நேரான கோட்டைப் படிக்கட்டும். அடுத்து, சுவரில் ஒரு பெரிய கூட்டல் குறி வரைந்து, கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து ஒரு வில்லை வழியாகப் பாருங்கள். உள்ளே தெரியும் கோடு வெளியே உள்ள கோட்டிலிருந்து முறிந்து விலகித் தெரியும். இரு கோடுகளும் முறியாமல் தொடரும்வரை வில்லையை நகர்த்துங்கள். அப்போது குறியின் நடுப்புள்ளி தெரியும் இடமே ஒளி மையம். அங்கே மைப்புள்ளி வையுங்கள். மற்ற வில்லையிலும் அவ்வாறே செய்து, இரு புள்ளிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள். (சிலிண்டர் திறன் கலந்த வில்லையானால் கோடுகள் சாய்ந்து ஏமாற்றும், இச்சோதனைக்கு ஏற்காது.) இரு அளவுகளும் சில மில்லிமீட்டர் வேறுபட்டால் வில்லை பட்டகம்போல் ஒளியைத் திருப்பும், தலைவலி வரும், கடைக்குத் திருப்பித்தான் கொடுக்க வேண்டும். அவள் கண்ணாடியில் புள்ளிகளின் இடைவெளி 60 மி.மீ. இருந்தது.