குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? ஓ.ஆர்.எஸ். கரைக்கும் முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றதும் பல வீடுகளில் யாராவது ஒருத்தர் ஓடிப்போய் ஓ.ஆர்.எஸ். வாங்கி வந்துவிடுகிறார்கள். வாங்கி வருவது சரிதான். சிக்கல் அதற்குப் பிறகுதான். குழந்தை ஒரு லிட்டரா குடிக்கப் போகிறது என்று நினைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கலக்கிவிடுகிறோம். அல்லது பாதித் தூளைப் போட்டு, மீதியை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறோம். இரண்டுமே வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

வயிற்றுப்போக்கின்போது உடம்பில் இருந்து தண்ணீர் மட்டும் போவதில்லை. உப்பும் சேர்ந்து போகிறது. வெறும் தண்ணீரைக் கொடுத்தால் இழந்த உப்பு திரும்பாது. ஆனால் உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் சேர்ந்து போனால், குடல் சுவர் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகும். வயிற்றுப்போக்கு இருக்கும்போதும் குடலின் இந்த வழி திறந்தேதான் இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். வேலை செய்வது இதனால்தான். அளவு மாறினால் கதை மாறிவிடும். தண்ணீர் குறைந்து கரைசல் கெட்டியானால், குடலே உடம்பில் இருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும், போக்கு அதிகமாகும். ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரை போகலாம். தண்ணீர் கூடிவிட்டால், இழந்த உப்பு போதுமான அளவு திரும்பாது.

அதனால் முதல் வேலை, பாக்கெட்டைத் திருப்பி எத்தனை தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று படிப்பது. எழுத்து பொடியாக இருந்தால் போனில் ஒரு போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்க. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கொடுப்பது பொதுவாக 1 லிட்டருக்கான பாக்கெட். மருந்துக் கடையில் 1 லிட்டருக்கும் உண்டு, 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டும் உண்டு. இரண்டின் உறையும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

நம்ம வீட்டு எவர்சில்வர் டம்ளரை நம்பி அளக்காதீங்க, வீட்டுக்கு வீடு அதன் அளவு வேறு. கடையில் விற்கும் 1 லிட்டர் தண்ணீர் பாட்டில்தான் எளிதான அளவுகோல். அதைக் கழுவிவிட்டு, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை அதில் நிரப்பி, சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, தூள் முழுவதையும் ஒரே தடவையில் கொட்டிக் கலக்குங்க. 200 மி.லி. பாக்கெட் என்றால், கல்யாண வீட்டில் கொடுக்கும் சின்ன தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கலாம். ஆனால் அதில் 200 மி.லி. என்று போட்டிருக்கிறதா, 250 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கோங்க.

1 லிட்டர் பாக்கெட்டைப் பிரித்துப் பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது. உள்ளே உப்பு, குளுக்கோஸ், பொட்டாசியம் குளோரைடு, சிட்ரேட் என்று நான்கு பொருட்கள் இருக்கின்றன. பாக்கெட்டில் அவை ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் எடுத்த பாதியில் உப்பு அதிகமாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். குழந்தை குடித்தது போக மீதி இருந்தால் மூடி வையுங்க. 24 மணி நேரம் ஆனதும் கீழே ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்க. கரைத்த பிறகு சூடு பண்ணக் கூடாது. சுவைக்காகச் சர்க்கரையோ பாலோ சேர்க்கவும் கூடாது.

கடையில் டெட்ரா பாக்கெட்டில் பழச்சுவையோடு விற்கும் பானங்கள் இதற்கு மாற்று ஆகாது. அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. குளிர்பானம், குளுக்கோஸ் தண்ணீர் எல்லாம் இதே ரகம்தான். இளநீர், உப்பு போட்ட கஞ்சி, மோர் கொடுக்கலாம், ஆனால் ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக அல்ல. ராத்திரி நேரம், பாக்கெட் கிடைக்கவில்லை என்றால், 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கிக் கொடுக்கலாம். பாக்கெட் கைக்கு வரும் வரைக்கும்தான் அது.

இப்போது ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். 11 மாதம், 8 கிலோ எடை. காலையில் இருந்து தண்ணியாக ஐந்து தடவை போயாச்சு, ஒரு வாந்தி. ஆனால் கண் பளிச்சென்று இருக்கு, விளையாடுது, தாய்ப்பால் குடிக்குது. இந்தக் குழந்தையை வீட்டிலேயே பார்த்துக்கலாம்.

2 மாதம் முதல் 2 வயது வரை, ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பிறகும் 50 முதல் 100 மி.லி. கொடுக்க வேண்டும். 2 வயதுக்கு மேல் 100 முதல் 200 மி.லி. ஒரு டீஸ்பூன் 5 மி.லி. என்றால், 60 மி.லி.க்கு 12 ஸ்பூன் ஆச்சு. நிமிஷத்துக்கு ஒன்று என்று கொடுத்தால் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பாலாடையிலும் கொடுக்கலாம், சிறுகச் சிறுகத்தான். ஃபீடிங் பாட்டில் வேண்டாம், அதில் கிருமி சேரும். அவசரப்பட்டு டம்ளரோடு வாயில் வைத்தால் குழந்தை வாந்தி எடுத்துவிடும். ‘ஓ.ஆர்.எஸ். ஒத்துக்கலை’ என்று நாமும் நிறுத்திவிடுவோம். ஒத்துக்காதது கரைசல் இல்லை, கொடுத்த வேகம். வாந்தி எடுத்தால் போனில் 10 நிமிஷத்துக்கு டைமர் வைத்துக் காத்திருங்க. பிறகு 2, 3 நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் என்று இன்னும் மெதுவாக ஆரம்பிங்க.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்க. ஓ.ஆர்.எஸ். கொடுத்ததும் போக்கு நிற்காது. உள்ளே போகும் தண்ணீர் வெளியே போவதை ஈடுகட்டுவதுதான் அதன் வேலை. ‘கொடுத்தும் நிக்கலையே’ என்று கடையில் போக்கை நிறுத்தும் மாத்திரை கேட்டு வாங்கிக் கொடுக்காதீங்க, சின்னக் குழந்தைக்கு அது ஆபத்து. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. இந்தக் குழந்தைக்கு குழைந்த பருப்பு சாதம், இட்லி, தயிர் எல்லாம் கொடுக்கலாம்.

1971இல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதே மாதிரி கரைசலைப் பெரிய டிரம்களில் கலந்து வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதை எடுத்துக் கொடுத்தார்கள். சாவு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. வீட்டு மனிதர் கையால் கொடுத்தாலும் வேலை செய்யும் என்று உலகம் பார்த்தது அங்கேதான்.

சாயங்காலம் ஆச்சு. நம்ம 11 மாதக் குழந்தை இன்னும் நான்கு தடவை போய்விட்டது. மதியத்தில் இருந்து சிணுங்கிக்கொண்டே இருக்கு, கண் கொஞ்சம் உள்ளே போன மாதிரி தெரியுது, ஸ்பூனை நீட்டினால் பறித்துக் குடிக்குது. ‘நல்லா குடிக்குதே’ என்று சந்தோஷப்படாதீங்க, அந்த அவசரமான தாகமே நீர் வறட்சியின் அடையாளம். தொப்புளுக்கும் விலாப் பக்கத்துக்கும் நடுவில் வயிற்றுத் தோலைச் சேர்த்துப் பிடித்து விடுங்க. சட்டென்று சமமானால் நல்லது. மெதுவாகத் திரும்பினால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்புங்க. அங்கே கிலோவுக்கு 75 மி.லி. கணக்கில், இந்தக் குழந்தைக்கு 600 மி.லி. ஓ.ஆர்.எஸ்.ஸை 4 மணி நேரத்தில் கொடுக்கச் சொல்லி, பக்கத்தில் இருந்து பார்த்து, திரும்ப மதிப்பிடுவார்கள். போகும் வழியிலும் ஸ்பூனை நிறுத்தாதீங்க.

சில நேரம் இந்தச் சோதனைக்கெல்லாம் காத்திருக்கவே கூடாது. குழந்தை துவண்டு மயக்கமாகக் கிடந்தாலோ, குடிக்கவே முடியாமல் போனாலோ, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, தோல் மடிப்பு 2 விநாடிக்கு மேல் அப்படியே நின்றாலோ, வலிப்பு வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்க. மயக்கத்தில் இருக்கும் குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீங்க. மலத்தில் ரத்தம், கடுமையான காய்ச்சல், 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். 2 மாதத்துக்கு உட்பட்ட பச்சிளம் குழந்தை, ரொம்ப மெலிந்த குழந்தை இரண்டையும் ஆரம்பத்திலேயே கூட்டிப் போங்க. உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது என்று தலையில் எதையாவது தடவிக்கொண்டு, குடல் ஏற்றம் எடுக்கக் கூட்டிப் போய்க்கொண்டு நேரம் போக்க வேண்டாம். அந்தப் பள்ளமும் தண்ணீர் குறைந்த அடையாளம்தான். என்ன செய்வது என்று குழப்பம் இருந்தால் 104க்குப் போன் செய்து கேட்கலாம்.

பெரும்பாலான வீடுகளில் பாதியிலேயே விட்டுவிடுவது துத்தநாக மாத்திரையைத்தான். நாம் ஜிங்க் மாத்திரை என்று சொல்வது அதைத்தான். வயிற்றுப்போக்கு ஆரம்பித்த அன்றே தொடங்கி 14 நாள் கொடுக்க வேண்டும். 6 மாதத்துக்கு மேல் தினமும் 20 மி.கி., அதாவது ஒரு மாத்திரை. 2 முதல் 6 மாதம் வரை 10 மி.கி., அதாவது அரை மாத்திரை. ஒரு ஸ்பூனில் மாத்திரையை வைத்துக் கொஞ்சம் தாய்ப்பாலோ ஆறிய தண்ணீரோ விட்டால் தானாகவே கரையும். வாயில் இரும்புச் சுவை தெரியும், குழந்தை முகம் சுளிக்கும். கொடுத்து அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு தடவை கொடுக்கலாம். சிரப் என்றால் 5 மி.லி.யில் எத்தனை மி.கி. என்று பாட்டிலில் பார்த்துக்கோங்க, எல்லா சிரப்பும் ஒரே அளவு இல்லை.

நம்ம குழந்தைக்கு மூன்றாம் நாளே போக்கு நின்றுவிட்டது என்று வையுங்க. அப்போதும் இன்னும் 11 நாள் மாத்திரை பாக்கி. இந்த முறை போக்கைக் குறைப்பதோடு, அடுத்த 2, 3 மாதத்துக்கு அது திரும்ப வரும் வாய்ப்பையும் ஜிங்க் குறைக்கிறது. அந்தப் பலன் முழுசாகக் கிடைக்க 14 நாளும் தேவை. முதல் நாளே போனில் தினசரி அலாரம் வைத்து, முடியும் தேதியையும் குறித்துவிடுங்க. மூன்று நாள் ஆகியும் போக்கு குறையவில்லை என்றால், மாத்திரையை நிறுத்தாமலே டாக்டரிடம் போங்க.

அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலும் ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் இரண்டும் இலவசம். உங்க பகுதி கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம். வாங்கும்போதே அட்டையில் 14 மாத்திரை இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்க. 10தான் இருந்தால், மீதி 4ஐயும் அங்கேயே கேட்டு வாங்கிக்கோங்க.