நாற்காலி நகராது, ஆள்தான் நகர்வார்

ரெட்டியார்பாளையத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் மாலை ஆறரை மணிக்கு வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர் வந்து உட்காருவார்கள். மாதிரித் தேர்வு எழுதிய தாளைக் கையில் கொண்டு வரச் சொல்வேன். விடைகளை நான் முதலில் பார்ப்பதில்லை. போட்டுப் பார்த்த கட்டங்களைத்தான் பார்ப்பேன். போன வாரம் ஒரு பெண் கொண்டு வந்த தாளில் ஒரே இடத்தில் நான்கு முறை அழித்து எழுதியதில் தாளே கிழிந்திருந்தது. இருக்கை வரிசைக் கணக்கு அது. அவளுக்குத் தர்க்கம் தெரியாமல் இல்லை. கட்டம் போடுவதைப் பற்றி அவள் நம்பிக் கொண்டிருந்த சில விஷயங்கள்தான் தவறு.

ஐ.பி.பி.எஸ். நடத்தும் எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடம். ஒரு கேள்விக்கு 34 விநாடி. ஒரு சீட்டிங் பஸிலுக்குக் கீழே ஐந்து கேள்வி வந்தால், கட்டம் போட்டு விடை குறிக்கும் வரை மூன்று நிமிடம்கூடக் கிடையாது. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். அதனால் அந்தப் பெண் செய்த கணக்கையே எடுத்துக் கொண்டு பேசுகிறேன்.

அமுதா, கலா, சரவணன், தங்கம், நந்தினி, பரணி, மணி ஆகிய ஏழு பேரும் வடக்கு நோக்கி ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சரவணனுக்கும் மணிக்கும் நடுவே இருவர். மணிக்கு உடனடி இடப்புறம் அமுதா. கலா ஓர் ஓரத்தில் இருக்கிறார். கலாவுக்கு வலப்புறம் மூன்றாவதாகப் பரணி. தங்கம் ஓரத்திலும் இல்லை, பரணிக்குப் பக்கத்திலும் இல்லை.

நம்பிக்கை: குறிப்புகளை வந்த வரிசையிலேயே போட வேண்டும்

இல்லை. முதல் குறிப்பிலிருந்து தொடங்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். நடுவே இருவர் என்றால் 1-4, 2-5, 3-6, 4-7 என்று நான்கு ஜோடி இடங்கள். சரவணன் இடமா, மணி இடமா என்று மாற்றிப் போட்டால் எட்டு வழிகள். கலாவிலிருந்து தொடங்கினால் ஒரே வழிதான். வலது ஓரத்தில் அவர் இருந்தால் அவருக்கு வலப்புறம் ஆளே இருக்க முடியாது. ஆகவே கலா 1, பரணி 4. கேள்வியை ஒரு தடவை முழுக்கப் படித்து, "ஓரம்", "நட்டநடு", "இடமிருந்து இத்தனையாவது" என்று இடத்தையே பிடித்துச் சொல்லும் குறிப்பைத் தேடுங்கள். அதற்குச் செலவாகும் இருபது விநாடி வீண் இல்லை.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். "மூன்றாவதாக" என்பதும் "நடுவே மூவர்" என்பதும் ஒன்றல்ல. மூன்றாவது ஆள் என்றால் நடுவில் இருவர்தான். இதில் தடுக்கி விழுபவர்கள் ஏராளம். அடுத்து, "மணிக்கு இடப்புறம் அமுதா" என்றால் யார் இடத்திலிருந்து இடது பார்ப்பது? நம் தமிழ் இதற்கு நல்ல அடையாளம் தருகிறது. எந்தப் பெயரோடு "க்கு" ஒட்டியிருக்கிறதோ, அந்த ஆளின் நாற்காலியில் மனதால் போய் உட்காருங்கள். மணி இடத்தில் உட்கார்ந்து இடது பக்கம் திரும்பினால் அமுதா.

நம்பிக்கை: இரண்டு வழி வந்துவிட்டால் எங்கோ தப்பு செய்துவிட்டோம்

தாள் கிழிந்தது இந்த நம்பிக்கையால்தான். மீதி இடங்கள் 2, 3, 5, 6, 7. சரவணன், மணி ஜோடிக்கு 2-5 அல்லது 3-6 மட்டுமே மிச்சம். மணியை 5-இல் வைத்தால் அமுதாவுக்கு 4 வேண்டும். அங்கே பரணி இருக்கிறார். 2-இல் வைத்தால் 1 வேண்டும், அங்கே கலா. எனவே மணி 6 அல்லது 3. இரண்டுமே சரியாக நிற்கின்றன. அவள் மணியை 3-இல் வைத்தாள், கடைசியில் முட்டியது, எல்லாவற்றையும் அழித்தாள், திரும்பவும் கலாவிலிருந்து ஆரம்பித்தாள்.

இரண்டு வழி வருவது தப்பின் அறிகுறி அல்ல. கேள்வி போடுகிறவர் வேண்டுமென்றே அப்படித்தான் அமைக்கிறார். அழிக்காமல் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள். மேலே இட எண்களை ஒரே தடவை எழுதினால் போதும்.

```
இடம்      1  2  3  4  5  6  7
கேஸ் 1    க  -  ச  ப  அ  ம  -
கேஸ் 2    க  அ  ம  ப  -  ச  -
```

முதலெழுத்து மட்டும் போதும். முழுப் பெயர் எழுத நேரமில்லை. இட எண்கள் நிலையாக நிற்கின்றன, ஆட்கள்தான் வரிக்கு வரி மாறுகிறார்கள். ஒரு கேஸ் அடிபட்டால் அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடலாம். மற்றது அப்படியே இருக்கும். கேஸ் நான்கைத் தாண்டினால் மட்டும் நிறுத்துங்கள். பெரும்பாலும் ஒரு குறிப்பைப் படிக்காமல் தாண்டியிருப்பீர்கள்.

நம்பிக்கை: "இல்லை" என்று வரும் குறிப்பால் பயனில்லை

தங்கத்தைப் பற்றிய குறிப்பை அவள் அடிக்கோடுகூடப் போடவில்லை. "இங்கே இல்லைன்னு சொன்னா எங்கே போடறது சார்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அது ஆளை வைப்பதற்கான குறிப்பு அல்ல, கேஸை வெட்டுவதற்கான குறிப்பு. கேஸ் 2-இல் காலி இடங்கள் 5, 7. தங்கம் 5-இல் இருந்தால் பரணிக்குப் பக்கம். 7-இல் இருந்தால் ஓரம். இரண்டும் கூடாது. முழு வரியும் அடிபட்டுவிட்டது. கேஸ் 1-இல் காலி இடங்கள் 2, 7. ஓரம் கூடாது என்பதால் தங்கம் 2, மிச்சமுள்ள நந்தினி 7. கலா, தங்கம், சரவணன், பரணி, அமுதா, மணி, நந்தினி. வேறு வரிசைக்கு இடமே இல்லை. இரண்டு கேஸும் எதிரே எழுதியிருந்ததால்தான் அந்த ஒற்றைக் குறிப்பு இத்தனை வேலை செய்தது. "இல்லை" குறிப்புகளைத் தாளின் ஓரத்தில் தனியாகக் குறித்து வைத்து, கேஸ்கள் பிரிந்த பிறகு எடுங்கள்.

நம்பிக்கை: வட்ட மேசைக்கு இந்தக் கட்டம் ஆகாது

ஆகும். எட்டுப் பேர் என்றால் 1 முதல் 8 வரை கடிகாரச் சுற்றில் எண் போட்டு, 8-க்கு அடுத்தது 1 என்று வைத்துக் கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் நான்கு இடம் தள்ளி. நாற்காலிக்குப் பெயர் இல்லாத வட்டத்தில் முதல் ஆளை 1-இல் கண்ணை மூடிக் கொண்டு வைக்கலாம்; அதற்குக் கேஸ் பிரிக்க வேண்டியதில்லை. சிக்கல் திசையில்தான் வரும். மையம் நோக்கி உட்கார்ந்தவருக்கு இடப்பக்கம் எண் ஏறும், வலப்பக்கம் இறங்கும். வெளியே நோக்கியவருக்கு அப்படியே தலைகீழ். எனவே எழுத்துக்குக் கீழே உள்நோக்கி என்றால் "உ", வெளிநோக்கி என்றால் "வெ" என்று சின்னதாகப் போடுங்கள். திசை தெரியாத ஆளின் இடது வலதைத் தொடவே வேண்டாம். தெற்கு நோக்கும் வரிசைக்கும் இதே கதை: அவர்களின் இடது, தாளில் உங்கள் வலது.

கட்டம் நிரம்பியதும் கேள்விக்குத் தாவாமல், குறிப்புகளை மேலிருந்து கீழே ஒரு தடவை விரல் வைத்துச் சரிபாருங்கள். ஏழு பேருக்குப் பத்து விநாடி ஆகும். அந்தப் பெண் நேற்று இதே மாதிரி ஒன்றை இரண்டு நிமிடம் நாற்பது விநாடியில் முடித்தாள். தாளில் குறுக்குக் கோடு ஒன்று இருந்தது, அழித்த தடம் எதுவும் இல்லை.