பூட்டுங்கள், திறக்கும் நேரத்தையும் சொல்லுங்கள்

கேள்வி: அடுகோடியில் எங்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தமிழர்கள், கன்னடர்கள், தெலுங்கு, உருது பேசுபவர்கள் எல்லோரும் அதில் உண்டு. நான் அட்மின். குழாயில் தண்ணீர் வராத ஒரு நாளில், பெரியவர் ஒருவர் காவிரி பற்றிய ஃபார்வர்டு ஒன்றைப் போட்டார். ஒரு தமிழ்ப் பையன் சூடாகப் பதில் எழுத, "பிடிக்கலைன்னா உங்க ஊருக்குப் போ" என்று இன்னொருவர் எழுதினார். நான் பெரியவரின் பெயரைச் சொல்லி, "இப்படிப்பட்டதைப் போட்டால் நீக்கிவிடுவேன்" என்று எல்லோரும் பார்க்க எழுதினேன். சண்டை நின்றது, ஆனால் அவர் குழுவை விட்டே போய்விட்டார். நான் என்ன எழுதியிருக்க வேண்டும்?

– வாசகி, அடுகோடி

பதில்: நீங்கள் தலையிட்டது சரிதான் அம்மா. பெங்களூரில் காவிரிப் பேச்சை அதன் போக்கில் விட்டுவிட முடியாது. 2016 செப்டம்பரில் இங்கே ஒரு தமிழ் இளைஞரை அடித்த வீடியோ தமிழ்நாட்டில் பரவியது. ராமேஸ்வரத்தில் கர்நாடக ஓட்டுநர் ஒருவரை அடித்த வீடியோ இங்கே பரவியது. 12ஆம் தேதி பேருந்துகள் எரிந்தன, பல காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போட்டார்கள். அன்று கைமாறியதும் இப்படிப்பட்ட ஃபார்வர்டுகள்தான்.

உங்கள் பதிலில் சிக்கலானது பெயர்தான். பெயரைப் பார்த்ததும் மற்றவர்கள் தண்ணீரை மறந்து, யார் ஜெயித்தார் என்று கணக்குப் போடத் தொடங்குவார்கள். உங்கள் செய்திக்குக் கீழே ஒரே தரப்பிலிருந்து கைதட்டல் விழுந்தால், அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இனி இப்படி நடந்தால், முதலில் குழு அமைப்புகளில் அட்மின்கள் மட்டுமே எழுதலாம் என்று மாற்றிவிட்டு, இதை எழுதுங்கள்:

"எல்லோருக்கும் வணக்கம். காவிரி பற்றிய பேச்சு இப்போது ஆட்களைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது. அதனால் நாளைக் காலை 8 மணி வரை குழுவை மூடி வைக்கிறேன். தண்ணீர், மின்சாரம் என்று அவசரம் இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள்."

என்ன நின்றது, எதுவரை, அதுவரை எங்கே போவது என்ற மூன்றும் இதில் வந்துவிட்டன. திறக்கும் நேரத்தைச் சொல்லாமல் பூட்டினால் அது தண்டனையாகத் தெரியும். சொன்ன நேரத்துக்குத் திறக்கவும் வேண்டும். இதே செய்தியைக் கன்னடத்திலும் போடுங்கள். கன்னடம் பேசும் ஒருவரையும் அட்மினாக்கி அவரைப் போடச் சொன்னால் இன்னும் நல்லது. இரண்டு மொழியிலும் ஒரே அளவு கண்டிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஃபார்வர்டு போட்டவருக்குத் தனியாகப் போன் செய்யுங்கள். எழுத்தில் வேண்டாம், எழுதினால் அதுவும் ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றும். "சார், தண்ணி வரலைன்னு உங்களுக்கு இருக்கிற கோபம் எனக்கும் இருக்கு. அந்த ஃபார்வர்டுல பல தடவை கைமாறினதுன்னு ரெட்டை அம்புக்குறி இருக்கு, யார் எழுதினதுன்னே தெரியாது. அதை நீங்களே எடுத்துடறீங்களா?" என்று கேட்டாலே போதும். அட்மின் அழித்தால், இன்னார் அழித்தார் என்ற வரி உங்கள் பெயரோடு குழுவில் நிற்கும். அவரே அழித்தால் செய்தி நீக்கப்பட்டது என்று மட்டும்தான் தெரியும். அனுப்பியவர் எல்லோருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலாக அவகாசம் உண்டு. அதனால் அவர் ஆறும்வரை நீங்கள் காத்திருக்கலாம்.

"ஊருக்குப் போ" என்றவர் ஃபார்வர்டு எதையும் போடவில்லை, தன் கையாலேயே எழுதினார். அவரிடமும் தனியாகத்தான் பேச வேண்டும், ஆனால் வளைந்து கொடுக்காமல்: "அந்த வரி இருக்கக் கூடாது சார், நீங்க இருக்கணும்." பையனையும் விட்டுவிடாதீர்கள். ஒரு தரப்பிடம் மட்டும் பேசியது மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிடும்.

காலையில் திறக்கும்போது நேற்றைய சண்டையை எடுக்காதீர்கள். சண்டைக்குக் காரணமான தண்ணீரையே எடுங்கள்: "இன்றும் தண்ணீர் வராத வீடுகள் வீட்டு எண்ணை மட்டும் எழுதுங்கள். வாரியத்தின் 1916 எண்ணுக்கு எல்லோருக்குமாகச் சேர்த்துப் புகார் கொடுக்கிறேன்." தமிழர் வீட்டுக் குழாயும் கன்னடர் வீட்டுக் குழாயும் ஒன்றாகத்தான் வறண்டிருக்கின்றன. அந்த எண்கள் வரிசையாக விழும்போது அது எல்லோர் கண்ணிலும் படும்.

இந்த நிதானம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அடிப்பேன் என்ற மிரட்டல், சாதியைச் சொல்லித் திட்டுவது, ஒருவருடைய படத்தையோ வீட்டு முகவரியையோ போட்டு ஆள் திரட்டுவது, இவை வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு உடனே அழியுங்கள். ஆபத்து தெரிந்தால் 112. அப்போதும் குழுவில் "பாதுகாப்பு காரணமாக ஒரு செய்தியை நீக்கினேன்" என்ற ஒரு வரி போதும். உறுப்பினர் போட்டதற்கு அட்மின் சிறைக்குப் போவார் என்ற பயத்தில் பலர் கண்டபடி ஆட்களை நீக்குகிறார்கள். அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

விட்டுப்போன பெரியவரைக் கேட்காமல் திரும்பச் சேர்க்காதீர்கள். ஒரே தெருதானே, நேரில் போய்ப் பாருங்கள். "உங்க பேரைப் போட்டு எழுதியிருக்கக் கூடாது சார்" என்று சொல்லிவிட்டு, அவர் சம்மதித்தால் குழுவிலும் அதே வரியை எழுதுங்கள். இதை இந்த வாரமே செய்துவிடுங்கள் அம்மா.