அலகு குறையவில்லை, விலைதான் குறைந்தது

கேள்வி: லண்டனில் வேலை செய்தபோது ஓய்வூதியத்துக்குப் பிடித்த காசின் கூற்று வந்திருக்கிறது. கட்டிய தொகையைவிட இருப்பு குறைவாக உள்ளது. யாரும் எடுத்துவிட்டார்களா?
- வாசகர், ஆரையம்பதி

பதில்: பயப்பட வேண்டாம். நம் ஊழியர் சேமலாப நிதியில் மீதிக்கு வட்டி சேரும். அங்கே பெரும்பாலான நிறுவன ஓய்வூதியத் திட்டங்களில் உங்கள் காசுக்கு முதலீட்டு நிதியின் அலகுகளை வாங்குகிறார்கள். அலகு விலை சந்தையோடு ஏறி இறங்கும்.

ஒரு கணக்குப் பாருங்கள். முதல் மாதம் 100 பவுண், அலகு விலை 2 பவுண்: 50 அலகு. அடுத்த மாதம் விலை 1.60 ஆக விழுந்தால் அதே 100 பவுணுக்கு 62.5 அலகு. மொத்தம் 112.5 அலகு. அன்றைய பெறுமதி 180 பவுண்தான், கட்டியதோ 200. விலை மீண்டும் 2 ஆனால் 225 பவுண். இறங்கிய மாதத்தில் வாங்கியதே கைகொடுக்கிறது. விலை ஏறியே தீரும் என்று உத்தரவாதம் மட்டும் கிடையாது.

ஆகவே பெறுமதியை விட்டுவிட்டு, அலகு எண்ணிக்கையைப் பழைய கூற்றோடு ஒப்பிடுங்கள். அது குறைந்திருந்தால் பெரும்பாலும் கட்டணத்துக்காகச் சில அலகுகளை விற்றிருப்பார்கள். சில திட்டங்களில் கட்டணம் விலைக்குள்ளேயே கழிந்துவிடும். முதலாளி கட்டவேண்டிய பங்கு மாதாமாதம் வந்திருக்கிறதா என்பதைப் பழைய சம்பளச் சீட்டோடு சரிபாருங்கள். விடுபட்டிருந்தால் திட்ட நிறுவனத்துக்கு உடனே எழுதுங்கள்.