அடுத்த கப்பலுக்குத் தள்ளப்பட்ட சரக்கும், கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதமும்



புக்கிங் செய்த கப்பலில் சரக்கு ஏறாமல், கப்பல் கம்பெனி அதை அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிடுவதை ‘ரோல்’ ஆகிவிட்டது என்கிறோம். இச்செய்தி வந்தவுடன் நம்மவர்களில் பலர் டெலிபோனை எடுத்துச் சண்டை பிடிக்கின்றனர். அதனால் இடம் கிடைப்பதில்லை. “இந்தக் கப்பலில் ஏற்றியே தீருவோம்” என்று கம்பெனி நமக்கு வாக்குக் கொடுப்பதில்லை. கப்பலை மாற்றும் உரிமையைத் தங்கள் நிபந்தனைகளிலேயே அவர்கள் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே நஷ்டஈடு கேட்பதைவிட, காரணத்தையும் மாற்றுக் கப்பலையும் எழுத்தில் கேட்டு வாங்குவதே உபயோகமான காரியம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். கோலாலம்பூர் வியாபாரி ஒருவர் கிள்ளான் துறைமுகத்திலிருந்து சென்னைக்கு ரப்பர் கையுறை அனுப்புகிறார். நாற்பதடிக் கண்டெய்னர் ஒன்று. கப்பல் 14-ஆம் தேதி. சென்னை வியாபாரி திறந்த எல்.சி.யில் சரக்கு ஏற்றக் கடைசி நாள் 20-ஆம் தேதி. 13-ஆம் தேதி மாலை கம்பெனியிலிருந்து தகவல் வருகிறது: “உங்கள் கண்டெய்னர் 21-ஆம் தேதிக் கப்பலுக்கு மாற்றப்பட்டது.” ஒரே ஒரு நாள்தான் பிந்துகிறது, ஆனால் அந்த ஒரு நாளைக் காட்டியே பாங்கு பணம் கொடுக்க மறுக்கலாம். கடைசி நாள் விடுமுறையில் விழுந்தாலும், ஏற்றும் தேதிக்குச் சலுகை கிடையாது.

எழுதுமுன் அவர் தம் பக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். கண்டெய்னர் துறைமுக வாசலில் நுழைந்த நேரம் என்ன? 2016 ஜூலை முதல் கட்டாயமாக்கப்பட்ட, சரிபார்த்த மொத்த எடையை எப்போது அனுப்பினோம்? சுங்க அனுமதி முடிந்ததா? இவற்றில் ஒன்று கெடு தாண்டியிருந்தால் காரணம் நம்முடையது. செலவும் நம் தலையில் விழும். எல்லாம் சரியாயிருந்தால், இடத்துக்கு மேல் புக்கிங் எடுத்ததோ, கப்பலின் எடை வரம்பு நிறைந்ததோ, கப்பல் துறைமுகத்தைத் தவிர்த்ததோ காரணமாயிருக்கலாம். “ஏன் தள்ளினீர்கள்?” என்று மொட்டையாகக் கேட்டால் “நடைமுறைக் காரணம்” என்று மொட்டையாகவே பதில் வரும். அதனால் இவ்வாறு எழுதலாம்:

“ஐயா, எங்கள் புக்கிங்கின் கண்டெய்னர் 11-ஆம் தேதி மாலை 3 மணிக்குத் துறைமுகத்தில் நுழைந்தது. கெடு 12-ஆம் தேதி நண்பகல். எடை விவரம் 11-ஆம் தேதி காலையே அனுப்பப்பட்டது. எங்கள் பக்கம் ஏதேனும் குறை இருந்ததா, அல்லது கப்பலில் இடமின்மையே காரணமா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். 20-ஆம் தேதிக்குள் ஏற்றப்படும் கப்பல் எங்களுக்கு அவசியம். கொழும்பு வழியாக மாற்றி ஏற்றுவதற்கும், கிள்ளானின் மற்ற முனையத்திலிருந்து ஏற்றுவதற்கும் சம்மதமே. ஒவ்வொரு கப்பலுக்கும் ஏற்றும் தேதி, சென்னை சேரும் தேதி இரண்டையும் தரவும். தங்கள் காரணத்தால் தள்ளப்பட்டிருப்பின், கூடுதல் துறைமுக வாடகையையும் முனையம் மாற்றும் லாரிச் செலவையும் தாங்களே ஏற்க வேண்டுகிறோம்.”

இக்கடிதத்தில் உயிர்நாடி இரண்டு தேதிகளையும் கேட்பதுதான். ‘சீக்கிரம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. 17-ஆம் தேதி வெஸ்ட்போர்ட்ஸிலிருந்து புறப்பட்டுக் கொழும்பில் மாறும் சரக்கு, 21-ஆம் தேதி நேராகச் செல்லும் கப்பலுக்குப் பிறகே சென்னை சேரலாம். அழுகும் சரக்கானால் சேரும் தேதியைப் பார்க்க வேண்டும். கையுறை அழுகாது, இங்கே எல்.சி.க்கு வேண்டியது கிள்ளானில் ஏற்றிய தேதி. ஆகவே 17-ஆம் தேதிக் கப்பலே இவருக்குப் பொருத்தம்.

“எல்.சி.யில் இடையில் கப்பல் மாற்றக் கூடாது என்றிருக்கிறதே?” என்று சிலர் அஞ்சுவர். பாங்குகள் பின்பற்றும் யு.சி.பி. 600 விதிகளின் 20-ஆம் பிரிவின்படி, கண்டெய்னரில் சென்று, முழுப் பயணத்துக்கும் ஒரே பில் ஆஃப் லேடிங் இருந்தால், அந்தத் தடையிருந்தும் பாங்கு ஏற்கும், எல்.சி.யில் அப்பிரிவையே விலக்கியிருந்தால் மட்டும் ஏற்காது. ஏற்றும் துறைமுகம் அப்படியல்ல. நார்த்போர்ட்டும் வெஸ்ட்போர்ட்ஸும் கிள்ளான் துறைமுகத்தைச் சேர்ந்தவையே. “தஞ்சோங் பெலேபாஸிலிருந்து இடம் உண்டு” என்றால், எல்.சி.யைத் திருத்தாமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

20-க்குள் கப்பலே இல்லையெனில், கம்பெனியின் காரணக் கடிதத்தைச் சென்னைக்கு அனுப்பி, எல்.சி. திருத்தம் கேட்க வேண்டும். வாங்குபவர் சம்மதித்து, அவருடைய பாங்கு திருத்தம் வெளியிட்ட பிறகே அது செல்லும். அதற்குள் யாரேனும் ஏஜண்ட், “உத்தரவாதக் கடிதம் கொடுங்கள், 20-ஆம் தேதி போட்டே பில் தருகிறோம்” என்று சொல்லக்கூடும். ஏறாத சரக்கை ஏறியதாக எழுதுவது பொய்ச் சாட்சி. ஹலாலான பணத்தில் அதைக் கலக்க வேண்டாம். கப்பல் நடமாட்டத்தைப் பார்த்து எவரும் அதைக் கண்டுபிடித்துவிடலாம், பிறகு அது மோசடி வழக்காகும்.

17-ஆம் தேதி இடம் உறுதியானதும், புதிய கப்பலின் பெயரையும் பயண எண்ணையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்கவும். பில்லின் நகல் வரும்போது அதில் பழைய கப்பலின் பெயரே கிடக்கிறதா என்று பார்த்து, அசல் அச்சாவதற்கு முன்பே திருத்தச் சொல்லவும்.