செப்புக் கரைசலில் மின் செய்யும் தொழில்

மின்பகுப்பைப் பயிலப் புகும் மாணவர் பலர், மின்னோட்டமே சேர்வையைப் பிளந்து அதன் கூறுகளை இருபுறமும் இழுத்துச் செல்கின்றதென எண்ணுவர். அறிஞர்களும் நெடுங்காலம் அவ்வாறே கருதினர். அவ்வெண்ணம் முற்றும் பொருந்தாதென்பதை எளிய சோதனையொன்றாற் காணலாம்.

செப்புச் சல்பேற்றுக் கரைசலில் இரு செப்புத் தகடுகளை நிறுத்தி, ஒரு வோல்ற்றின் பத்திலொரு பங்கு அழுத்தத்தை மட்டும் கொடுப்போம். சிறிதாயினும் மின்னோட்டம் உடனே பாய்கின்றது. மூலக்கூறுகளைப் பிளப்பது மின்னின் வேலையாயின், குறித்த ஓர் அளவு அழுத்தத்தை எட்டும்வரை ஓட்டம் தோன்றலாகாது. இவ்வாதத்தை 1857இல் கிளௌசியசு எடுத்துரைத்தார். உப்பானது நீரிற் கரையும்போதே அயன்களாகப் பிரிந்துவிடுகின்றது என்னும் கொள்கையை 1887இல் அறீனியசு நிலைநாட்டினார். ஆகவே மின் செய்வது இரண்டே: கரைசலில் முன்னரே உள்ள அயன்களை எதிரெதிர்த் திசைகளில் நகர்த்துவதும், மின்வாயின் மேற்பரப்பில் இலத்திரன்களைக் கொடுத்து வாங்குவதுமாம்.

கதோட்டை அடையும் செப்பயன் ஒவ்வொன்றும் இரண்டு இலத்திரன்களைப் பெற்றுச் செப்பணுவாகப் படிகின்றது:

Cu²⁺ + 2e⁻ → Cu

அனோட்டு செப்பாயின் இதன் மறுதலை நிகழும். அங்கே செப்புக் கரைந்து அயனாகும்; கரைசலின் நீலநிறம் மாறாது. அனோட்டு காபனாயின் கரைவதற்குச் செப்பு இல்லை. நீரே இலத்திரன்களை இழந்து ஒட்சிசனை வெளிவிடும். கரைசலிற் சல்பூரிக்கமிலம் மிகும். நீலநிறம் வரவர மங்கும். இதற்கு ஒரு வோல்ற்றிலும் கூடிய அழுத்தம் வேண்டும். சேர்வை உண்மையாகச் சிதைவது இங்கேதான். அதற்குரிய சத்தியைச் செலவிடுவதும் இங்கேதான். முலாமிடுவோர் செப்பு அனோட்டையே நாடுவதன் காரணம் இப்போது தெளிவாகும்.

இனி ஒரு பித்தளைத் தகட்டுக்குச் செப்பு முலாமிடுவோம். தகடு 5 சதமமீற்றர்ச் சதுரம். இருபக்கமும் சேர்த்துப் பரப்பு 50 சதுர சதமமீற்றர். ஓர் இலீற்றர் கரைசலில் 200 கிராம் செப்புச் சல்பேற்றுப் பளிங்கும், ஏறத்தாழ 50 கிராம் சல்பூரிக்கமிலமும் இருத்தல் தகும். அமிலத்தையே நீருள் மெதுவாக ஊற்றவேண்டும். நீரை அமிலத்துள் ஊற்றலாகாது. தகட்டைப் பற்றரியின் மறைமுனையுடனும், அதன் இருமருங்கும் நிற்கும் செப்புத் தகடுகளை நேர்முனையுடனும் இணைத்து, 1 அம்பியர் ஓட்டத்தை 1 மணிநேரம் செலுத்துவோம்.

பாய்ந்த மின் 3600 கூலோம். பரடேயின் விதிப்படி 96,500 கூலோம் மின், 63.5 என்னும் அணுநிறையை வலுவளவாகிய 2ஆற் பிரிக்க வருகின்ற 31.75 கிராம் செப்பைப் படிவிக்கும். எனவே நமது தகட்டிற் படிவது 3600 × 31.75 ÷ 96,500, அதாவது 1.18 கிராம். செப்பின் அடர்த்தி 8.96 ஆதலால், படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 0.026 மில்லிமீற்றர். தகட்டை முன்னும் பின்னும் கழுவி உலர்த்தி நிறுத்தால் இக்கணக்கைச் சரிபார்க்கலாம். அனோட்டுகள் இழந்த நிறையும் ஏறத்தாழ அவ்வளவே இருக்கும்.

விரைவில் முடிக்க விரும்பி ஓட்டத்தைப் பலமடங்கு கூட்டினால் என்ன நேரும்? கதோட்டின் அருகிலுள்ள செப்பயன்கள், புதியன வந்து சேருமுன்னரே தீர்ந்துபோகும். அப்போது ஐதரசனும் வெளிவரத் தொடங்கும். ஓட்டம் மிகுதியாகக் குவியும் விளிம்புகளிலும் மூலைகளிலும் முதலில் கருஞ்சிவப்பான தூள் படியும். விரலால் தேய்த்தால் அது உதிர்ந்துவிடும். இக்குறியைக் கண்டதும் ஓட்டத்தைக் குறைத்துக் கரைசலைக் கலக்குதல் வேண்டும்.

படலம் தோலாக உரியுமாயின் குற்றம் மின்னினதன்று. தகட்டில் எஞ்சிய எண்ணெயினது. சோடாக் கரைசலாற் கழுவிய தகட்டின்மீது நீர் துளிதுளியாகப் பிரியாது ஒரே படலமாகப் பரவினால் அது தூயதென அறியலாம்.

இரும்புப் பொருளை இக்கரைசலில் இடலாகாது. இரும்பு மின்னின் துணையின்றியே கரைந்து, செப்பை வெளியேற்றிவிடும். அவ்வாறு படியும் செப்பு இரும்பைப் பற்றாது. ஆதலின் இரும்புக்கு முதலில் மெல்லிய நிக்கற் படலமிட்டு, அதன்மேற் செப்பிடுவர். சயனைட்டுக் கரைசலிலிருந்து முதற்படலமிடும் முறையும் உண்டு. அங்கே செப்பயன்கள் சயனைட்டுடன் இறுகப் பிணைந்திருப்பதால் இரும்பு அவற்றை எளிதில் வெளியேற்றாது. ஆயினும் அது கொடிய நஞ்சு. அமிலம் பட்டால் உயிர்கொல்லும் வாயுவை விடும். கல்லூரி ஆய்வுகூடத்துக்கு அம்முறை உரியதன்று.

இக்குற்றங்கள் யாவும் கரைசலின் நடுவிலன்றி, உலோகமும் கரைசலும் தொடும் மேற்பரப்பிலேயே தோன்றுவதை நாம் கண்டோம். மின்பகுப்பு நிகழுமிடமும் அதுவேயாதலின், முலாம் பழுதுற்றவிடத்து மாணவர் முதலில் நோக்கவேண்டியதும் அம்மேற்பரப்பையே.